ஒரு நிராகரிப்பில் எவ்வளவு தகவல் இருக்கிறது?

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், அயெலெட் ஃபிஷ்பாக் என்ற இரு உளவியலாளர்கள் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோதனை எளிமையானது. பழங்கால எழுத்துபோலத் தோன்றும், யாருக்கும் தெரியாத குறியீடுகளைக் காட்டி, இரண்டு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். ஒரு குழுவினர் எதைச் சொன்னாலும் ‘சரி’ என்றார்கள், இன்னொரு குழுவினர் எதைச் சொன்னாலும் ‘தவறு’ என்றார்கள். விடைகள் இரண்டே என்பதால் ‘தவறு’ என்று கேட்டவருக்கும் சரியான விடை எது என்பது அப்போதே தெரிந்துவிடும். இரு குழுவுக்கும் கிடைத்த தகவலில் இம்மியளவும் வித்தியாசமில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அதே குறியீடுகளை வைத்து மறுபடி சோதித்தபோது, ‘தவறு’ கேட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள்.

தோல்வி கற்றுத்தரும் என்று எல்லோரும் சொல்கிறோம். இந்த ஆய்வு சொல்வது வேறு. தோல்வி அடைந்ததும் மனம் அந்த இடத்திலிருந்து கவனத்தை எடுத்துவிடுகிறது. தன்மானத்தில் அடி விழுந்தால், காதில் விழுந்த விவரம் உள்ளே போவதில்லை. இதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அடுத்தவர் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். அடி தன்மேல் விழாதபோது கற்பதில் தடை இல்லை.

வேலை தேடுபவரின் நிலை அந்தச் சோதனையில் உட்கார்ந்தவரைவிட மோசம். அங்கே ‘தவறு’ என்ற சொல்லுக்குள் சரியான விடையும் இருந்தது. வேலை தேடலில் வரும் ‘இல்லை’க்குள் எதுவும் இருப்பதில்லை. ‘உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி, வேறு நபர்களுடன் தொடர முடிவு செய்துள்ளோம்’ என்ற மெயில் எல்லோருக்கும் போகும் அச்சடித்த வாசகம். பல நேரங்களில் அந்த மெயில்கூட வராது. அந்த இடத்துக்கு உள்ளேயே ஒருவரைப் பார்த்து வைத்திருக்கலாம். பட்ஜெட் நின்றுபோயிருக்கலாம். நோட்டீஸ் பீரியட் ஒத்து வந்திருக்காது, அல்லது கேட்ட சம்பளம் அவர்கள் வரம்பைத் தாண்டியிருக்கும். இன்டர்வியூவில் நீங்கள் திணறியதும் காரணமாக இருக்கலாம். வெளியே நிற்பவருக்கு இந்த ஐந்தும் ஒரே மாதிரி மௌனமாகத்தான் தெரியும். அந்த மௌனத்துக்கு நாமே ஒரு காரணம் எழுதிக்கொள்கிறோம், அது பெரும்பாலும் ‘நான் லாயக்கில்லை’ என்பதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் ஒவ்வொரு ரவுண்டிலிருந்தும் எதைக் கற்பது? ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பெருங்குடியில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை தேடும் பெண். இரண்டு வருட அனுபவம் இருக்கிறது. பழைய கம்பெனியில் ஆள்குறைப்பு நடந்து நான்கு மாதமாகிறது. 80 இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியிருக்கிறார். 6 இடங்களிலிருந்து கால் வந்தது. முதல் ஹெச்ஆர் பேச்சில் 5 பேர் அடுத்த கட்டத்துக்கு அனுப்பினார்கள். டெக்னிக்கல் ரவுண்டில் அந்த ஐந்தில் ஒன்றுதான் தேறியது. அந்த ஒன்றும் மேனேஜர் ரவுண்டோடு நின்றது. கையில் ஆஃபர் இல்லை.

அவரைக் கேட்டால் ‘80 இடத்துல ரிஜெக்ட் ஆயிட்டேன்’ என்பார். கணக்கு அப்படி இல்லை. 74 இடங்களில் அவரை யாரும் பார்க்கவே இல்லை, அல்லது சில நொடிகள் ரெஸ்யூமேயைப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் போனோடு முடிந்தது. நேரில் பேசி வேண்டாம் என்றவர்கள் ஐந்து பேர்தான். இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்தால் எதையும் கற்க முடியாது. ரெஸ்யூமே தோற்பதற்கும் டெக்னிக்கல் ரவுண்டில் தோற்பதற்கும் காரணமும் வேறு, மருந்தும் வேறு.

முதல் கட்டத்தைப் பார்ப்போம். 80க்கு 6 என்றால் நூற்றுக்கு ஏழரை. இந்த விகிதம் அப்படியே நீடித்தால், தொடர்ந்து 20 இடங்களிலிருந்து ஒரு காலும் வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொரு முறையும் கால் வராமலிருக்கும் வாய்ப்பு 0.925. அதை இருபது முறை பெருக்கினால் 0.21. அதாவது ஐந்தில் ஒன்று. எதுவும் மாறாமல், திறமையில் ஒரு குறையும் சேராமல், வெறும் தற்செயலாலேயே இருபது மௌனங்கள் வரிசையாக வரும். அப்படி ஒரு வாரம் வரும்போது ‘ஏதோ தப்பாகிவிட்டது’ என்று மனம் அடித்துச் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

ஒரு காலும் வராதவர்களுக்கு மருத்துவப் புள்ளியியலில் புழங்கும் ஒரு குறுக்குவழி உதவும். n முறை முயன்று ஒன்றுகூடத் தேறவில்லை என்றால், உண்மையான விகிதம் 3/n வரை இருக்கக்கூடும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 10 இடம் போட்டு பூஜ்யம் என்றால் உண்மை விகிதம் 30 சதவீதம் வரைகூட இருக்கலாம், எனவே எதையும் சொல்ல முடியாது. 60 இடம் போட்டும் பூஜ்யம் என்றால் மேல்வரம்பு 5 சதவீதம். அப்போதுதான் ரெஸ்யூமேயையோ, குறிவைக்கும் வேலையையோ மாற்ற நியாயமான காரணம் கிடைக்கிறது. இங்கே ஒரு நிபந்தனை உண்டு. அந்த அறுபதும் ஏறத்தாழ ஒரே ரெஸ்யூமேயோடு, ஒரே வகை வேலைக்குப் போயிருக்க வேண்டும்.

நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. ஒரு ரிஜெக்ட் வந்ததும் ரெஸ்யூமேயைத் திருத்துகிறோம். அடுத்ததில் ‘ஆட்டோமேஷன் கம்மியா இருக்கு’ என்று யாரோ சொன்னால் உடனே அதற்கு ஒரு கோர்ஸ். அதற்கடுத்து வேறொருவர் ‘டொமைன் நாலெட்ஜ் இல்லை’ என்றால் பாங்கிங் புத்தகம். இதைக் கற்றல் என்றுதான் நினைக்கிறோம். தரக்கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் இதற்கு ஒரு சோதனை காட்டுவார். மேசையில் ஒரு புள்ளியைக் குறித்து, அதற்கு நேர் மேலே ஒரு புனலைப் பொருத்தி, கோலிகளை ஒவ்வொன்றாக விட வேண்டும். புனலைத் தொடாமல் விட்டால் கோலிகள் புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் சிதறி விழும். ஒவ்வொரு கோலியும் எவ்வளவு விலகியதோ அந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் புனலை நகர்த்திக்கொண்டே வந்தால்? புத்திசாலித்தனமான திருத்தம்போலத் தெரிகிறது. ஆனால் சிதறலின் அளவு, அதாவது வேரியன்ஸ், சரியாக இரண்டு மடங்காகிறது. தற்செயலான விலகலைத் தவறு என்று நினைத்துத் திருத்துவதால் வரும் கேடு இது. ஒரே ஒரு ரிஜெக்டுக்குப் பிறகு எதையும் மாற்றக் கூடாது என்பது என் கட்சி. இரவு பதினொரு மணிக்கு மெயிலைப் பார்த்த கையோடு ரெஸ்யூமேயைத் திறக்கவே கூடாது.

இனி நம் பெண்ணின் டெக்னிக்கல் ரவுண்டுக்கு வருவோம். 5க்கு 1. இங்கேதான் ஓட்டை என்று பார்த்ததும் சொல்லத் தோன்றும். பொறுங்கள். அவர் தேறும் வாய்ப்பு உண்மையில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால்கூட, ஐந்தில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோ தேறுவதற்கு 32இல் 6 வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. எனவே முடிவை மட்டும் பார்த்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னும் இருபது இன்டர்வியூ போனால் தெரியும், ஆனால் அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

வழி இருக்கிறது. ஓர் இன்டர்வியூவின் முடிவு என்பது ஆம் அல்லது இல்லை என்ற ஒற்றைத் தகவல். அதே இன்டர்வியூவுக்குள் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்ததா, திணறினோமா என்பது நமக்கே தெரியும், கம்பெனி சொல்லத் தேவையில்லை. ஐந்து இன்டர்வியூவின் தீர்ப்பு ஐந்து தகவல்கள்தான். கேள்வி கேள்வியாக எழுதிவைத்தால் அறுபது. அவற்றில் தீர்ப்பை நிர்ணயித்த உள்ளரசியலும் பட்ஜெட்டும் கலந்திருக்காது.

இதற்கு எழுத வேண்டியது வெளியே வந்த அரை மணி நேரத்துக்குள். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போனில் தட்டினாலும் போதும். மறுநாளுக்குள் பாதி கேள்விகள் மறந்துவிடும். மீதிக்கு நினைவு தானாகவே சாயம் பூசிவிடும், ரிஜெக்ட் மெயில் வந்த பிறகு என்றால் நன்றாகச் சொன்ன பதில்கூடக் கேவலமாகத் தோன்றும். முடிவு தெரிவதற்கு முன் எழுதிய குறிப்புக்குத்தான் மதிப்பு.

என்ன எழுதுவது என்பதில்தான் சூட்சுமம். ‘எஸ்க்யூஎல் வீக்’ என்று எழுதினால் அது குறிப்பு ஆகாது, அதுவும் ஒரு தீர்ப்புதான். ஓர் இன்டர்வியூவில் நடந்ததைப் பார்ப்போம். டெஸ்டிங் வேலைக்குப் போகிற எல்லோரும் சந்திக்கிற பழைய கேள்வி: ஊழியர் பட்டியலிலிருந்து இரண்டாவது அதிகச் சம்பளத்தை எடுக்க வேண்டும். அவர் சட்டென்று எழுதினார்:

```sql
SELECT salary FROM employee
ORDER BY salary DESC
LIMIT 1 OFFSET 1;
```

சம்பளத்தை மேலிருந்து கீழாக அடுக்கு, முதல் வரிசையைத் தாண்டி அடுத்ததை எடு. பார்த்துக்கொண்டிருந்தவர் தலையாட்டிவிட்டு, “ஓகே மேடம், டாப்ல ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்னா?” என்றார். அவ்வளவுதான், நம் பெண்ணுக்கு வாய் அடைத்துவிட்டது. ஒரே சம்பளம் இருவருக்கு இருந்தால் இந்த வரி இரண்டாவது ஆளின் சம்பளத்தைத் தரும், அது முதல் சம்பளமேதான். `SELECT` என்பதற்குப் பக்கத்தில் `DISTINCT` என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் முடிந்திருக்கும். அது அவருக்குத் தெரியாததல்ல, அறைக்கு வெளியே வந்து லிஃப்டில் இறங்கும்போதே நினைவுக்கு வந்துவிட்டது.

இதை நோட்டில் இப்படி எழுத வேண்டும்: ‘இரண்டாவது சம்பளம். முதல் விடை வந்தது. சமமான சம்பளம் பற்றிய துணைக்கேள்வியில் நின்றேன். எழுதுவதற்கு முன் டேட்டா எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை.’ யார் மீதும் பழி இல்லை, தன் மீதும் இல்லை. என்ன நடந்தது என்பது மட்டும்.

ஐந்து இன்டர்வியூவையும் இப்படி எழுதி அடுக்கியபோது, நம் கணக்கில் அறுபது கேள்விகளில் 41 நேரடிக் கேள்விகள். அவற்றில் 6 இடங்களில்தான் திணறல். மீதி 19 துணைக்கேள்விகள், ‘அப்படின்னா?’, ‘இது ஃபெயில் ஆனா?’, ‘டெவலப்பர் இது பக் இல்லைன்னு சொன்னா?’ என்ற ரகம். அவற்றில் 14 இடங்களில் நின்றுவிட்டார். 41க்கு 6, 19க்கு 14. இந்த வித்தியாசம் தற்செயலாக வருவது மிக அரிது. தீர்ப்பை வைத்துச் சொல்ல முடியாத ஒன்றை அறுபது சிறு குறிப்புகள் தெளிவாகச் சொல்லிவிட்டன. அதுவும் அவர் நினைத்திருந்த இடத்தில் ஓட்டை இல்லை. ஒவ்வொரு ரிஜெக்டுக்குப் பிறகும் ‘டாப் 100 இன்டர்வியூ கேள்விகள்’ என்று இன்னொரு பிடிஎஃப் இறக்கிப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடிஎஃப் எல்லாமே நேரடிக் கேள்விகள். ஏற்கெனவே நன்றாகச் செய்வதையே மேலும் மேலும் பயிற்சி செய்திருக்கிறார்.

இதற்கான பயிற்சியில் எதிரே ஒரு ஆள் வேண்டும். ஹாஸ்டலில் வேலை தேடும் இன்னொரு பெண் இருந்தால் போதும், அவர் டெஸ்டிங் துறையாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. “நீ என்ன சொன்னாலும் நான் ‘அப்படி இல்லைன்னா?’ன்னு கேப்பேன்டி, பதில் சொல்லு” என்று உட்கார்ந்தால் போதும். சத்தமாக யோசிக்கவும், தெரியாதபோது ‘டேட்டாவில் இப்படி இருக்குமா?’ என்று திருப்பிக் கேட்கவும் வாய் பழகும்.

அந்தத் தோழியால் இன்னொரு பயனும் உண்டு. தன் தோல்வியிலிருந்து கண்ணை எடுக்கும் மனம், அடுத்தவர் தோல்வியைக் கூர்ந்து பார்க்கும் என்று தொடக்கத்தில் சொன்ன ஆய்வு காட்டியது. எனவே வாரத்துக்கு ஒருமுறை நோட்டை மாற்றிக்கொள்ளலாம். இவர் அவருடையதைப் படித்து எங்கே சறுக்குகிறார் என்று சொல்ல, அவர் இவருடையதைப் படிப்பார். தன் நோட்டில் பத்து நாளாகக் கண்ணில் படாதது அடுத்தவர் கண்ணில் பத்து நிமிடத்தில் படும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் குறிப்புகளைக் கொஞ்ச நாள் ஆறப்போட்டுவிட்டு, வேறு யாரோ எழுதியதுபோலப் படிக்கலாம். அது இரண்டாம் தரம்தான்.

ஊக்கம் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் சூரிய உதயப் படத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்பது என் எண்ணம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காப்லன், வினோகுர், பிரைஸ் முதலிய ஆய்வாளர்கள் 1980களில் வேலையிழந்தவர்களுக்கு ஒரு சிறு பயிற்சி வகுப்பு நடத்தி, குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வகுப்பில் ரெஸ்யூமே எழுதுவது, வேலைகளைத் தேடிப் பிடிப்பது எல்லாம் இருந்தது. கூடவே வழக்கமான வகுப்புகளில் இல்லாத ஒன்றும் இருந்தது. இனி உங்களுக்கு எங்கெங்கே அடி விழும் என்று பங்கேற்பவர்களையே முன்கூட்டிச் சொல்லவைத்து, விழுந்தால் அடுத்த நாள் என்ன செய்வீர்கள் என்பதையும் அங்கேயே ஒத்திகை பார்க்கவைத்தார்கள். தடுப்பூசி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1989இல் முடிவுகள் வந்தன. பயிற்சி பெற்றவர்களுக்குக் கிடைத்த வேலைகள் சம்பளத்திலும் திருப்தியிலும் மேலாக இருந்தன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த செய்தி. பயிற்சிக்குப் பிறகும் வேலை கிடைக்காதவர்களிடம்கூடத் தேடும் ஊக்கம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது.

இத்தகைய பயிற்சிகள் பற்றிய 47 ஆய்வுகளை லியு என்பவரும் சகாக்களும் 2014இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். திறனை மட்டும் கற்பித்தவையும், ஊக்கத்தை மட்டும் ஊட்டியவையும் வேலை வாங்கித் தரவில்லை. இரண்டும் சேர்ந்திருந்தவைதான் பலன் தந்தன. ஏன் என்று யோசித்தால் புரிகிறது. ‘எப்படிச் செய்வது’ என்று தெரியாதவருக்கு ஊட்டும் உற்சாகம் அடுத்த ரிஜெக்டில் வடிந்துவிடும். எப்படி என்று தெரிந்தும் நாற்பதாவது மெயிலோடு நிறுத்திவிட்டவருக்கு அந்தத் திறன் பயன்படாது. நம் பெண்ணுக்கு ‘துணைக்கேள்வியில் 19க்கு 14’ என்ற எண்ணே ஒருவகை ஊக்கம். ‘நான் லாயக்கில்லை’ என்பதை வைத்துக்கொண்டு நாளைக் காலை எதுவும் செய்ய முடியாது. துணைக்கேள்வியை வைத்துக்கொண்டு செய்யலாம்.

கோபம், அவமானம் எல்லாம் எங்கே போகும்? அவற்றைக் கேள்விக் குறிப்போடு கலக்கக் கூடாது, தனியாக எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சகாக்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், வேலையிழந்த பொறியாளர்களை ஐந்து நாள், நாளுக்கு இருபது நிமிடம், வேலை போனது பற்றி மனதில் உள்ளதைக் கொட்டி எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவில் வேலை கிடைத்தது. அவர்கள் அதிக இன்டர்வியூவுக்குப் போனதாலல்ல. பழைய கம்பெனி மீதிருந்த கசப்பு தணிந்ததால் புதிய இடத்தில் அவர்கள் பேசிய விதம் மாறியிருக்கலாம் என்பது விளக்கம். சிறிய ஆய்வு, ஒரே கம்பெனி ஆட்கள் என்பதால் அதைப் பெரிதாக நம்பி ஏமாற வேண்டாம், ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டுக்கு மேல் செலவில்லை.

உழைப்பால் சரிசெய்ய முடியாததும் ஒன்று உண்டு. க்ராஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ என்ற பொருளியலாளர்கள் அமெரிக்காவில் சுமார் 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். ஆளும் தகுதியும் கற்பனைதான், வேலையில்லாமல் இருந்த மாதக் கணக்கைக் குலுக்கல் முறையில் மாற்றி எழுதினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி முதல் எட்டு மாதங்களில் கால் வரும் விகிதம் நன்றாகவே குறைந்தது. வேலை தாராளமாகக் கிடைக்கும் ஊர்களில் இந்தச் சரிவு இன்னும் கூர்மை. எல்லோரும் வேலையில்லாமல் இருக்கும் ஊரில் இடைவெளியை யாரும் பெரிதுபடுத்துவதில்லை போலும். பட்டதாரிப் பெண்களின் பெயரில் ரெஸ்யூமே அனுப்பிய வேறொரு ஆய்வில் இந்தச் சரிவு தெரியவில்லை, ஆக இது எல்லோருக்கும் பொருந்தும் விதி அல்ல. ஆனால் ஆறாவது மாதத்தில் கால் குறைந்தால், அது நீங்கள் மழுங்கிவிட்டதற்கான சான்றல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. ரெஸ்யூமேயில் அந்த இடைவெளிக்கு எதிரே ஒரு வரியாவது இருக்க வேண்டும். ஃப்ரீலான்ஸ் டெஸ்டிங்கோ, தெரிந்தவர் கடையின் பில்லிங் சாஃப்ட்வேரைச் சோதித்துக் கொடுத்ததோ, உண்மையாக இருந்தால் சரி. அனுப்புவதன் எண்ணிக்கையையும் வாரம் வாரம் எழுதிவையுங்கள். நியூஜெர்சியில் வேலையில்லாதவர்களை வாரந்தோறும் விசாரித்த க்ரூகர், ம்யூல்லர் இருவரும், நாளாக ஆகத் தேடும் நேரமே குறைந்துபோவதைக் கண்டார்கள். கால் குறைந்ததா, அனுப்பியது குறைந்ததா என்று நோட்டு இல்லாமல் சொல்ல முடியாது.

நம் பெண் ஐந்து வாரம் தோழியோடு துணைக்கேள்வி பழகினார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு மூன்று டெக்னிக்கல் ரவுண்டு. மொத்தம் 12 துணைக்கேள்விகள், 4இல்தான் திணறல். மூன்றில் இரண்டு இடங்களில் ரிஜெக்ட், ஒன்றில் மேனேஜர் ரவுண்டுக்குப் போனார், அங்கே மறுபடி இல்லை என்றுவிட்டார்கள். ரிஜெக்ட் கணக்கை மட்டும் வைத்திருந்தால் மூன்றுக்கு மூன்று தோல்வி, ஐந்து வாரப் பயிற்சி வீண். நோட்டைப் பார்த்தால் 19க்கு 14 என்பது 12க்கு 4 ஆகியிருக்கிறது. பயிற்சி வேலை செய்கிறது, எனவே அதை மாற்றாமல் தொடரலாம். மேனேஜர் ரவுண்டில் இதுவரை இரண்டே முறை உட்கார்ந்திருக்கிறார். இரண்டிலும் ‘ஏன் கேப்?’ என்ற கேள்வி வந்திருக்கிறது, ஒன்றில் சம்பளப் பேச்சு இழுத்திருக்கிறது. இதை வைத்து இப்போதைக்கு எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னும் மூன்று மேனேஜர் ரவுண்டு வரட்டும்.